சொந்த வாக்கியமா, பத்தியின் வரியா: உரைப்பத்தி விடைக்கு மதிப்பெண் இடுவது எப்படி

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் நான் தமிழாசிரியராகச் சேர்ந்த முதல் ஆண்டு. ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைக் கொடுத்து முடித்த மாலையில் ஒரு மாணவி இரண்டு தாள்களோடு வந்து நின்றாள். ஒன்று அவளுடையது, மற்றது அவள் தோழியுடையது. உரைப்பத்தி வினாவைக் காட்டி, "ஐயா, நானும் இதைத்தானே எழுதியிருக்கிறேன்?" என்று கேட்டாள். தோழி பத்தியின் வரியை அப்படியே எடுத்து எழுதியிருந்தாள். நான் இரண்டு மதிப்பெண் போட்டிருந்தேன். இவள் அதே கருத்தைத் தன் சொற்களில் எழுதியிருந்தாள். அரை மதிப்பெண் போட்டிருந்தேன். விடைக்குறிப்பில் இருந்த வரியை என் கண் தேடியிருக்கிறது. கிடைத்த தாளில் மதிப்பெண், கிடைக்காத தாளில் சந்தேகம். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் படித்தபோது அவள் சொன்னதே சரி என்று தெரிந்தது. திருத்திக் கொடுத்தேன். ஆனால் அந்தக் கட்டில் மீதமிருந்த தாள்களில் இன்னும் எத்தனை பேருக்கு இப்படிச் செய்திருப்பேன் என்ற கேள்வி என்னை விடவில்லை.

பின்னர் எதிர்ப்பக்கமும் சாய்ந்தேன். சொந்த நடையில் எழுதியிருந்தாலே மகிழ்ந்துபோய் மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்தேன். அதுவும் தவறு. சொல் மாறியிருக்கும், பொருளும் சேர்ந்து மாறியிருக்கும். இன்று நான் பின்பற்றும் முறையை, ஒரே ஒரு பத்தியையும் அதற்கு வந்த விடைகளையும் வைத்து இங்கே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுப் பத்தி

வகுப்புப் பயிற்சிக்காக நான் எழுதிய பத்தி இது:

"காவிரி டெல்டாப் பாசனத்திற்காக மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படும். திறந்துவிடப்பட்ட நீர் உடனே வயலுக்கு வந்துவிடுவதில்லை. கல்லணையில் அது காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரித்து விடப்படுகிறது. ஆறுகளிலிருந்து வாய்க்கால்களுக்கும், வாய்க்கால்களிலிருந்து கடைசி வயல்களுக்கும் நீர் சென்று சேர நாள்கள் பல ஆகும். தூர்வாரப்படாத வாய்க்கால்களில் இந்தத் தாமதம் இன்னும் கூடும். இதனால் கடைமடை உழவர்கள் தலைமடை உழவர்களுக்குப் பின்னரே நாற்றங்கால் தயாரிக்க முடிகிறது. ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் மட்டும் ஆற்றுநீருக்குக் காத்திராமல் நாற்று விடுகிறார்கள்."

வினா: கடைமடை உழவர்கள் நாற்றங்கால் தயாரிப்பதில் ஏன் பின்தங்குகிறார்கள்? (2 மதிப்பெண்)

முதல் வேலை: கட்டைப் பிரிக்கும் முன்பே கருத்துக்கூறுகளை எழுதுங்கள்

விடைக்குறிப்பு பெரும்பாலும் பத்தியின் ஒரு வரியாகவே இருக்கும். தொல்லை தொடங்குவது அங்கேதான். வரியைக் கையில் வைத்துக்கொண்டு திருத்தினால், வரியைப் போன்ற விடைக்கு மதிப்பெண் போகும். ஆகவே வரியை உடைத்து, அதற்குள் இருக்கும் கருத்துகளைத் தனித்தனியாக, பத்தியின் சொற்களைக் கூடுமானவரை தவிர்த்து எழுதிக்கொள்ள வேண்டும். வாசிப்பு ஆய்வில் இது பழகிய முறை. வால்டர் கின்ச், வான் டைக் இருவரும் 1978இல் வெளியிட்ட கட்டுரை, ஒரு பனுவலைச் சொற்களின் வரிசையாகப் பாராமல் சிறு கருத்துக்கூறுகளின் பின்னலாகப் பார்த்தது. திருத்தும் மேசைக்கு அந்தப் பார்வை மிகவும் பொருந்தும்.

மேலே உள்ள வினாவுக்கு என் குறிப்பு இவ்வளவுதான்:

அ. நீர் பல கட்டங்களைத் தாண்டி வருவதால் கடைசி வயலுக்குத் தாமதமாக வருகிறது: 1
ஆ. வாய்க்கால் சுத்தமாக இல்லாவிட்டால் தாமதம் மேலும் கூடுகிறது: 1

கடைமடைக்காரர் பின்னால்தான் நாற்று விடுகிறார் என்பது இந்தப் பட்டியலில் இல்லை. அதை வினாவே சொல்லிவிட்டது. வினா கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பவருக்கு மதிப்பெண் இல்லை என்பதை இந்த இடத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். நாற்பதாவது தாளில், களைத்த கண்ணோடு முடிவு செய்யும் காரியம் அல்ல இது.

குறிப்பை எழுதியவுடன் சிவப்புப் பேனாவை எடுத்துவிடாதீர்கள். கட்டின் மேலிருந்து, நடுவிலிருந்து, அடியிலிருந்து என்று பத்துப் பன்னிரண்டு தாள்களை எடுத்து அந்த ஒரு வினாவுக்கான விடைகளை மட்டும் படியுங்கள். பிள்ளைகள் எந்தெந்த வழிகளில் எழுதியிருக்கிறார்கள் என்று தெரியும். நீங்கள் நினைத்தே பார்க்காத நல்ல விடை ஒன்றாவது வரும். அதைக் குறிப்பின் கீழே 'ஏற்கலாம்' என்று எழுதி வையுங்கள். அதன் பிறகு தாள் தாளாகத் திருத்தாமல் வினா வினாவாகத் திருத்துங்கள். எல்லாத் தாளிலும் இந்த ஒரு வினா, பிறகு அடுத்த வினா. இதனால் முதல் தாளுக்கும் கடைசித் தாளுக்கும் ஒரே அளவுகோல் நிற்கும். முந்தைய வினாவில் அந்த மாணவர் எழுதிய அழகான விடையின் நினைவும் இந்த விடையின் மேல் படியாது.

பத்தியின் வரியே விடையாக வந்தால்

வரியை எடுத்து எழுதுவது குற்றமல்ல. 'சொந்த நடையில் எழுதுக' என்று வினாத்தாள் சொல்லாதவரை அது முழுமையான விடையாக இருக்க முடியும். ஏழு வரிகளில் எந்த வரி தன் வினாவுக்குரியது என்று கண்டெடுப்பதும் வாசிப்புத் திறன்தான். எனவே பார்க்க வேண்டியது அந்தத் தேர்வு சரியா என்பதை. மூன்று விடைகளைப் பார்ப்போம்.

முதல் விடை: "இதனால் கடைமடை உழவர்கள் தலைமடை உழவர்களுக்குப் பின்னரே நாற்றங்கால் தயாரிக்க முடிகிறது."

பிழையே இல்லாத வரி. கையெழுத்தும் முத்துமுத்தாக இருந்தது. மதிப்பெண் பூஜ்யம். வினாவில் உள்ள 'கடைமடை', 'நாற்றங்கால்' என்ற சொற்களைப் பத்தியில் தேடி, அவை சேர்ந்து வரும் வரியை மாணவர் எடுத்திருக்கிறார். அந்த வரி காரியத்தைச் சொல்கிறது. வினா கேட்டது காரணத்தை. தொடக்கத்தில் நிற்கும் 'இதனால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். எதனால் என்பது விடையில் எங்கும் இல்லை. காரணத்தைக் கேட்ட வினாவுக்கு 'இதனால்' என்று தொடங்கி அங்கேயே முடியும் விடை வந்தால், கை வரியை எடுத்திருக்கிறது, கண் அதன் முன்வரியைப் பார்க்கவில்லை என்று பொருள். 'இந்த', 'அவர்', 'அது', 'மேற்கண்ட' போன்ற சுட்டுச் சொற்கள் எல்லாம் இப்படி நமக்குச் செய்தி சொல்லும். விடையை மட்டும் தனியே படித்துப் பாருங்கள். பத்தியைப் படிக்காத ஒருவருக்கு அது புரிய வேண்டும். சுட்டுச்சொல் அந்தரத்தில் தொங்கினால், அது எதைச் சுட்டுகிறதோ அதுதான் வினாவுக்கான கருத்தா என்று பார்க்க வேண்டும். ஆம் என்றால் அந்தக் கருத்துக்கூறு விடையில் இல்லை.

இரண்டாம் விடை: "ஆறுகளிலிருந்து வாய்க்கால்களுக்கும், வாய்க்கால்களிலிருந்து கடைசி வயல்களுக்கும் நீர் சென்று சேர நாள்கள் பல ஆகும். தூர்வாரப்படாத வாய்க்கால்களில் இந்தத் தாமதம் இன்னும் கூடும்."

இதுவும் ஒரு சொல் மாறாத நகல்தான். ஆனால் எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே தொடங்கி, எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தியிருக்கிறார். வினாவின் சொற்கள் ஒன்றுகூட இந்த இரண்டு வரிகளில் இல்லை என்பதையும் பாருங்கள். 'கடைமடை' இல்லை, 'நாற்றங்கால்' இல்லை. சொல்லைத் தேடிப் போனவர் இங்கே வந்திருக்க முடியாது. பொருள் புரிந்துதான் வந்திருக்க வேண்டும். 'இந்தத் தாமதம்' என்ற சுட்டு இருந்தாலும் அது சுட்டும் வரி விடைக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு மதிப்பெண், தயக்கமே இல்லாமல்.

மூன்றாம் விடைதான் எல்லா ஆசிரியரையும் வாட்டுவது. "திறந்துவிடப்பட்ட நீர்" என்று தொடங்கி "நாற்று விடுகிறார்கள்" வரை ஆறு வரிகளையும் அள்ளிப்போட்ட விடை. வீச்சுவலை போட்டால் ஏதாவது ஒரு மீன் சிக்காதா என்ற எழுத்து. இரண்டு கருத்துக்கூறுகளும் உள்ளே கிடக்கின்றன. கொடுப்பதா, மறுப்பதா?

இதில் நான் வைத்திருக்கும் வரம்பு இது. கூடுதலாக வந்த வரிகள் சரியான விடைக்கு அக்கம்பக்கத்தவை என்றால், கல்லணையில் நீர் பிரிவதைப் போல, மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. நீர் தாமதமாக வருவதற்கு அதுவும் முன்கதைதான். ஆனால் விடைக்கு எதிராக நிற்கும் வரியும் சேர்ந்து வந்திருந்தால் குறைக்கிறேன். ஆழ்துளைக் கிணற்று வரி அப்படிப்பட்டது. அது தாமதத்திற்குக் காரணம் அல்ல. தாமதத்திலிருந்து தப்பியவர்களைப் பற்றியது. அதையும் காரணங்களோடு சேர்த்து எழுதியவர் தேர்ந்தெடுக்கவில்லை என்று சொல்ல எனக்குச் சான்று இருக்கிறது. ஒரு மதிப்பெண் கொடுத்தேன். இந்த முடிவோடு ஒத்துப்போகாத ஆசிரியர்கள் உண்டு. முழுதாகக் கொடுப்பவர்களும், ஒன்றுமே கொடுக்காதவர்களும் இருக்கிறார்கள். எதை எடுத்தாலும் அந்தக் கட்டு முழுவதற்கும் அதையே கடைப்பிடிக்க வேண்டும். அடுத்த தேர்வில் வினாவோடு 'இரண்டு வாக்கியங்களில் எழுதுக' என்று சேர்த்துவிட்டால் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். வரம்பு சொல்லாத வினாவில், வரம்பு மீறியதற்காக முழு மதிப்பெண்ணையும் பறிப்பது நியாயம் ஆகாது.

சொந்தச் சொற்களில் விடை வந்தால்

இங்கேதான் உண்மையில் நேரம் செலவாகும், ஆக வேண்டும். நகல் விடையில் பொருள் மாறியிருக்காது. சரியான வரியா என்று மட்டும் பார்த்தால் போதும். சொந்த நடை விடையில் வரி சரியா என்ற கேள்வியோடு, பொருள் வழியில் சிந்திவிட்டதா என்ற கேள்வியும் சேர்கிறது.

நான்காம் விடை: "தன்னீர் ஆறு, வாய்க்கால் என்று தாண்டிக் கடைசி ஊருக்கு வந்து சேர நாளாகிறது. வாய்க்கால் தூர் எடுக்காமல் கிடந்தால் இன்னும் நாளாகும்."

'தண்ணீர்' பிழையாக இருக்கிறது. 'கடைமடை' என்ற சொல் 'கடைசி ஊர்' ஆகியிருக்கிறது. 'தூர்வாரப்படாத' என்பது, வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் பேசும் 'தூர் எடுக்காமல்' ஆகியிருக்கிறது. கருத்துக்கூறு இரண்டும் முழுமையாக இருக்கின்றன. இரண்டு மதிப்பெண். எழுத்துப்பிழையை வட்டமிட்டுக் காட்டுங்கள், மதிப்பெண்ணில் கைவைக்காதீர்கள். 2000ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் பீசா என்ற பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டிலும் வாசிப்பு விடைகளைத் திருத்துவோருக்கு இதே அறிவுரைதான்: பிழை பொருளை மறைக்காதவரை அதற்காக மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. எழுத்துப்பிழையை அளக்க நம் வினாத்தாளில் கட்டுரையும் கடிதமும் இருக்கின்றன. 'நாத்து', 'தண்ணி' என்று பேச்சு வடிவம் வந்தாலும் இதே முறைதான்.

ஐந்தாம் விடை: "கடைப்பகுதி விவசாயிகள் முன்பகுதி விவசாயிகளுக்குப் பிறகுதான் நாற்று விட முடிகிறது."

சொந்த நடை என்று நம் மனம் இளகும். முதல் விடையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே வரிதான், சொற்கள் மட்டும் மாறியிருக்கின்றன. அதற்குப் பூஜ்யம் என்றால் இதற்கும் பூஜ்யம். 'உழவர்' என்பதை 'விவசாயி' என்று மாற்றும் முயற்சி காரணத்தைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை. நகலுக்கும் சொந்த நடைக்கும் ஒரே தராசைப் பிடிக்கிறோமா என்பதைச் சோதிக்க இப்படிப்பட்ட இணைகளைக் கட்டிலிருந்து தேடி எடுத்துப் பாருங்கள். ஒரே கருத்தைச் சொல்லும் நகலுக்கும் மறுசொல்லுக்கும் நீங்கள் இட்ட மதிப்பெண் வேறுபட்டிருந்தால், வினா எதைக் கேட்டது என்பதை மறந்து நடைக்கு மதிப்பெண் போட்டிருக்கிறீர்கள்.

ஆறாம் விடை: "வாய்க்கால்களைத் தூர்வாராததால்தான் கடைமடைக்குத் தண்ணீர் தாமதமாக வருகிறது."

முதல் பார்வைக்கு இரண்டு மதிப்பெண் விடை. தெளிவான வாக்கியம், காரண வடிவம், பொருத்தமான சொற்கள். ஆனால் 'தான்' என்ற இரண்டெழுத்து வேலையைக் காட்டிவிட்டது. பத்தியின்படி வாய்க்கால் சுத்தமாக இருந்தாலும் நாள்கள் ஆகும். தூர்வாராவிட்டால் அது கூடும். இந்த விடையின்படி தூர்வாரிவிட்டால் தாமதமே இருக்காது. கருத்துக்கூறு 'ஆ' கிடைக்கிறது, 'அ' இல்லை. ஒரு மதிப்பெண்.

தமிழில் மறுசொல் எழுதும்போது பொருள் பெரும்பாலும் சிந்துவது இந்தச் சிறு இடைச்சொற்களில்தான். 'தான்', 'மட்டும்', 'ஏ', 'உம்' ஆகியவை கூடியிருக்கின்றனவா, குறைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். 'ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் மட்டும்' என்பது 'ஆழ்துளைக் கிணறு உள்ளவர்களும்' ஆனால் கதையே வேறு. அடுத்து, காரணம் எது, காரியம் எது என்ற திசை மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். "கடைமடையில் தாமதமாக நாற்று விடுவதால் தண்ணீர் தாமதமாக வருகிறது" என்று ஒரு தாளில் இருந்தது. எல்லாச் சொற்களும் உள்ளன, 'ஆல்' மட்டும் இடம் மாறிவிட்டது. பூஜ்யம். பிறகு யார் செய்தது, எவ்வளவு, உறுதியாகவா நிபந்தனையோடா என்பவற்றைப் பாருங்கள்.

எல்லா மாற்றமும் தண்டனைக்குரியது அல்ல. "வாய்க்கால்கள் தூர்வாரப்படுவதில்லை, அதனால் இன்னும் தாமதமாகிறது" என்று ஒருவர் எழுதியிருந்தார். பத்தி தூர்வாரப்படாத வாய்க்கால்களை மட்டும் சொல்கிறது. இவர் எல்லா வாய்க்கால்களையும் சொல்லிவிட்டார். உண்மையில் பொருள் விரிந்துவிட்டது. ஆனால் வினா எத்தனை வாய்க்கால்கள் என்று கேட்கவில்லை. தாமதம் கூடுவதன் காரணத்தைக் கேட்டது. அதைச் சொல்லிவிட்டார். மதிப்பெண் உண்டு. மாறிய பொருள் வினா கேட்ட இடத்தைத் தொடுகிறதா என்பதை வைத்தே முடிவெடுங்கள்.

பத்தியில் இல்லாத உண்மை

நம் பகுதிப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு பத்தி கொடுத்தால் இந்தச் சிக்கல் கட்டாயம் வரும். ஏழாம் விடை: "எங்கள் ஊர்ப் பக்கம் நிலத்தடி நீர் உப்பாக இருக்கிறது. அதனால் ஆற்றுத் தண்ணீர் வரும்வரை நாற்று விட முடியாது."

கடலோரக் கடைமடையில் இது முழுக்க உண்மை. எழுதிய பிள்ளை வயலில் நின்று தெரிந்துகொண்டது. ஆனால் பத்தியில் இல்லை. பத்தியைப் புரட்டாமலே இதை எழுத முடியும். உரைப்பத்தி வினா அளப்பது இந்தப் பத்தியிலிருந்து என்ன புரிந்தது என்பதை. எனவே பூஜ்யம் போட்டு, ஓரத்தில் "நீ சொல்வது உண்மை, பத்தியில் தேடிப் பார்" என்று எழுதினேன். அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டால், தனக்குத் தெரிந்தது தவறு என்று அந்தப் பிள்ளை நினைத்துவிடும்.

இதில் வினாவின் பங்கும் உண்டு. 'பத்தியின்படி' என்ற ஒரு சொல்லை வினாவில் சேர்த்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு வழி தெரிந்திருக்கும். தெரிந்த நிலத்தைப் பற்றிப் பத்தி வைக்கும்போது, பத்தியைப் படிக்காமலே விடை எழுத முடிகிறதா என்று வேறு வகுப்புப் பிள்ளைகள் இருவரிடம் வினாவை மட்டும் கொடுத்துப் பாருங்கள். முடிந்தால் வினாவை மாற்றிவிடுங்கள்.

'சொந்த நடையில்' என்று கேட்டிருந்தால்

இப்போது நகலுக்குக் கணக்கு மாறும். ஆனால் எவ்வளவு மாறும் என்பதை முன்பே பிரித்து வைக்க வேண்டும். மூன்று மதிப்பெண் வினா என்றால் கருத்துக்கு இரண்டு, நடைக்கு ஒன்று என்று வைக்கிறேன். சரியான வரிகளை அப்படியே எழுதியவருக்கு இரண்டு கிடைக்கும். புரிந்ததற்கான மதிப்பெண்ணைப் பறிக்க வேண்டியதில்லை.

நகல் என்று எதைச் சொல்வது? 'நாற்றங்கால்', 'கடைமடை', 'கல்லணைக் கால்வாய்' போன்ற சொற்களுக்கு மாற்றுச் சொல் இல்லை, தேடவும் கூடாது. அவற்றைக் கணக்கில் சேர்க்காமல், வாக்கியத்தின் எலும்புக்கூடு மாறியிருக்கிறதா என்று பார்க்கிறேன். இரண்டு வாக்கியம் ஒன்றாகியிருக்கிறதா, வினைமுற்று மாறியிருக்கிறதா, வரிசை மாறியிருக்கிறதா? ஏதேனும் ஒன்று நடந்திருந்தால் நடை மதிப்பெண் உண்டு. சொல்லுக்குச் சொல் மாற்றி, எலும்புக்கூட்டை அப்படியே வைத்திருந்தால் இல்லை.

சந்தேகத் தாள்களும் இன்னொரு கண்ணும்

திருத்தும்போது முடிவெடுக்க முடியாத விடைகளின் தாள் ஓரத்தைப் பென்சிலால் குறித்து, தனியே அடுக்கி வைத்துவிடுங்கள். கட்டு முடிந்த பிறகு அவற்றை மட்டும் ஒரே அமர்வில் பாருங்கள். பிறகு பத்துத் தாள்களில் நீங்கள் இட்ட மதிப்பெண்ணை மறைத்து, உங்கள் கருத்துக்கூறுக் குறிப்போடு மற்றொரு தமிழாசிரியரிடம் கொடுங்கள். எங்கள் பள்ளியில் மதிய உணவு இடைவேளையில் இதைச் செய்கிறோம். இரண்டு மூன்று தாள்களில் வேறுபாடு வருவது இயல்பு. நகல் விடைகளில் வேறுபாடு குவிந்தால் 'அள்ளிப்போட்ட' விடைக்கான வரம்பு தெளிவாக இல்லை என்று பொருள். சொந்த நடை விடைகளில் குவிந்தால் கருத்துக்கூறு இன்னும் பத்தியின் சொற்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது. குறிப்பை மாற்றினால், முன்பு திருத்திய தாள்களுக்கும் திரும்பப் போக வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் மாற்றுவதற்கு முன் திருத்தப்பட்டவர் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பிள்ளை அரை மதிப்பெண் இழப்பதை நான் ஏற்க மாட்டேன்.

வரியை எடுத்தால் பாதிதான் கிடைக்கும்படி ஒரு வினா

நகலா சொந்த நடையா என்ற வழக்கே எழாதபடி வினா அமைக்கவும் முடியும். அதே பத்திக்கு நான் இப்போது வைக்கும் இரண்டாம் வினா: "ஆழ்துளைக் கிணறு வைத்திருக்கும் ஒரு கடைமடை உழவர், தலைமடை உழவர் நாற்று விடும் நாளிலேயே நாற்று விட முடியுமா? பத்தியின்படி காரணம் கூறுக." (2 மதிப்பெண்)

பத்தியின் கடைசி வரியை மட்டும் எடுத்து எழுதினால் ஒரு மதிப்பெண். காரணம் வந்துவிட்டது, 'முடியும்' என்ற முடிவு வரவில்லை. அந்த முடிவு பத்தியில் எந்த வரியிலும் இல்லை. மாணவர் தானே சேர்க்க வேண்டும். "முடியும்" என்று ஒரு சொல்லை எழுதி, பத்தியின் வரியைக் கீழே அப்படியே ஒட்டினால் இரண்டு மதிப்பெண்ணையும் மனமாரக் கொடுத்துவிடுவேன். "முடியும், அவருக்குத் தண்ணீர் கையிலேயே இருக்கிறது" என்று எழுதியவருக்கும் அதே இரண்டுதான்.